ஊர்க் கலைவிழாவுக்கு ஒரே முகம்: போஸ்டர், டிக்கெட், மேடை மூன்றும் ஒன்றாகத் தெரிய என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊரில் ஐந்து வருடமாகப் பொங்கலை ஒட்டி மூன்று நாள் நாட்டுப்புறக் கலைவிழா நடத்துகிறோம். பறை, தெருக்கூத்து, கரகம், தோற்பாவை எல்லாம் உண்டு. குழுவில் எல்லோருமே தன்னார்வலர்கள்தான். போஸ்டரை ஒருவர், டிக்கெட்டை அச்சகக்காரர், மேடையை பந்தல்காரர் என்று ஆளுக்கொரு பக்கம் செய்வதால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது. நல்ல லோகோ ஒன்று செய்துவிட்டால் சரியாகிவிடுமா? அதிகச் செலவில்லாமல் எப்படிச் செய்யலாம்?

பதில்:

லோகோ மட்டும் போதாது. போஸ்டரின் மூலையில் இரண்டு அங்குலத்துக்கு உட்காரும் லோகோவைத் தெருவில் போகிறவர் பார்ப்பதில்லை. மேடையில் அதையே பத்தடிக்குப் பெரிதாக்கினால் கூத்துக்காரரின் தலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். உங்களுக்கு வேண்டியது மூன்று பொருள்கள்: எப்போதும் ஒரே வடிவில் எழுதப்பட்ட விழாப் பெயர், எந்த அளவுக்கும் ஒத்துவரும் ஒரு வடிவம், மாறாத இரண்டு நிறத்தோடு வருடத்துக்கு ஒருமுறை மாறும் ஒரு நிறம். இவற்றை வடிவமைப்பு தெரியாத ஒருவர் அடுத்த வருடம் கையில் எடுத்தாலும் கெடுக்க முடியாதபடி அமைக்க வேண்டும். தன்னார்வக் குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளைத் தாளில் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிட முடிகிற விதிகள்தான் கைமாறும்போது தங்கும்.

வடிவத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்று இடங்களையும் கட்டிப்போடுவது அதுதான். உங்கள் விழாவுக்கு நான் சொல்வது முக்கோணப் பல்வரிசை. பட்டுப் புடவைக் கரையில் கோபுரம் கோபுரமாக நெய்வார்களே, அந்த வரிசை. பந்தல்காரருக்குத் துணியில் வெட்டித் தைக்கத் தெரியும், அச்சகத்துக்கு ஒரே நிறத்தில் அடிக்க முடியும், கையில் தூரிகை வைத்திருக்கும் யாரும் சுவரில் வரைய முடியும். சிக்கலான சித்திரத்துக்கு இந்த வசதி கிடையாது. பறையடிப்பவரின் உருவத்தை விழாச் சின்னமாக்கினால் டிக்கெட்டில் அது கறுப்புப் புள்ளியாகிவிடும், துணியில் வெட்டவே முடியாது.

பல்வரிசைக்கு இரண்டே விதி வையுங்கள். அகலம் எதுவானாலும் பல் இருபது. பல்லின் அடி மூன்று பங்கு என்றால் உயரம் நான்கு பங்கு. இவ்வளவுதான். 20க்கு 30 அங்குலப் போஸ்டரில் ஒரு பல்லின் அடி 1 அங்குலம், உயரம் 1⅓ அங்குலம். 30 அடி மேடையின் முன்விளிம்பில் அடி ஒன்றரை அடி, உயரம் இரண்டு அடி. 6 அங்குல டிக்கெட்டில் அடி 0.3 அங்குலம், உயரம் 0.4 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கைபேசியில் அனுப்பும் 1080 பிக்சல் சதுரப் படத்தில் அடி 54, உயரம் 72 பிக்சல். அகலத்தை இருபதால் வகுக்கத் தெரிந்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம். மேடை 24 அடியாகச் சுருங்கினாலும் அடி 1.2, உயரம் 1.6 என்று கணக்கு தானாக வந்துவிடும்.

பல் முழுதாகத் தொடங்கி முழுதாக முடிவதில் இன்னொரு பயன் இருக்கிறது. சுவரில் போஸ்டர்களை அருகருகே ஒட்டும்போது ஒன்றின் வரிசை முடியும் இடத்தில் அடுத்ததன் வரிசை தொடங்கி, ஐந்து போஸ்டர் ஒட்டினால் எட்டடிக்கு மேல் ஒரே கரையாக ஓடும். இதற்காகவே பல்வரிசையைப் போஸ்டரின் மேல்விளிம்பில் நுனி கீழ்நோக்கித் தொங்கும்படி வைக்கச் சொல்கிறேன். கீழ்விளிம்பில் வைத்தால் அடுத்த வாரமே வேறு யாராவது அதன்மேல் ஒட்டிவிடுவார்கள், மாடும் ஆடும் கீழ்ப்பக்கத்தைத்தான் முதலில் பிய்க்கும். வெட்டும்போது அச்சகத்தில் ஓரிரு மில்லிமீட்டர் விலகும். ஒரு அங்குலப் பல்லில் அது கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்கச் சுற்றிலும் 3 மி.மீ. நிறம் கூடுதலாக ஓடவிட்டுக் கோப்பைக் கொடுங்கள்.

அடுத்தது நிறம். நம் ஊரில் நிறம் வெறும் அழகுப் பொருள் இல்லை. கறுப்பு-சிவப்பு வைத்தால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை சேர்ந்தால் இன்னொரு கட்சி, நீலமும் சிவப்பும் சேர்ந்தால் வேறொன்று, காவியும் பச்சையும் என்றால் மற்றொன்று. காவியும் வெள்ளையும் பட்டைபட்டையாக வந்தால் கோயில் மதிற்சுவர். பல ஊர்களில் சாதிச் சங்கங்களுக்கும் தனிக் கொடி நிறம் உண்டு, அது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. பறையையும் தெருக்கூத்தையும் ஒரே மேடையில் ஏற்றும் விழா எந்தத் தெருக்காரருக்கும் அந்நியமாகத் தெரியக் கூடாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு முகம் அமைத்த ஓட்ல் ஐஷர் சிவப்பை வேண்டாம் என்று ஒதுக்கி வெளிர்நீலத்தை முன்னால் கொண்டுவந்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நாஜிகள் பறக்கவிட்ட கொடிகளின் நினைவு வந்துவிடக் கூடாது என்பது காரணம். அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

நான் பரிந்துரைப்பது கத்தரிப்பூ நிறத்தின் அடர்த்தியான வகையும், சாயம் போடாத கோராத் துணியின் நிறமும். இவை இரண்டும் மாறாதவை. மூன்றாவது நிறம் வருடத்துக்கு ஒன்று: ஒரு வருடம் மஞ்சள், அடுத்து கிளிப்பச்சை, அடுத்து வானநீலம். முடிவு செய்வதற்குமுன் மூன்று நிறத்தையும் சேர்த்து ஒரு தாளில் அச்சடித்து, ஊரின் வெவ்வேறு தெருக்களில் இருக்கும் ஏழெட்டுப் பேரிடம் காட்டி, ‘இதைப் பார்த்தால் என்ன ஞாபகம் வருகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘நல்லாயிருக்கா’ என்று கேட்டால் எல்லோரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேர் ஒரே கட்சியையோ சங்கத்தையோ சொன்னால் அந்த நிறத்தை விட்டுவிடுங்கள்.

கத்தரிப்பூ நிறம் அச்சில் ஒரு இடத்தில் வழுக்கும். கணினித் திரையில் பளிச்சென்று தெரிவது தாளில் மங்கும், அல்லது நீலத்தின் பக்கம் சாயும். அதனால் திரையைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்காமல் அச்சு மையின் அளவில் எழுதி வையுங்கள்: சயான் 60, மெஜந்தா 100, மஞ்சள் 20, கறுப்பு 30. சயான் அளவு மெஜந்தாவை நெருங்க நெருங்க நிறம் ஊதாவிலிருந்து நீலமாகும். வந்த அச்சு நீலமாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சிறிய எழுத்துகளை மட்டும் இந்த நிறத்தில் அடிக்காதீர்கள். நான்கு மைகளும் ஒன்றின்மேல் ஒன்று துல்லியமாக உட்காராவிட்டால் எழுத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பு நிழல் தட்டும். நேரம், இடம், தொலைபேசி எண் எல்லாம் தனிக் கறுப்பு மையிலேயே இருக்கட்டும்.

வருட நிறத்துக்கு ஒரு சோதனை உண்டு. அதன்மேல் கத்தரிப்பூ நிற எழுத்தை வைத்து, சாதாரணக் கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் அந்த நிறம் ஆகும். பின்னணியோடு கலந்துவிட்டால் நிறம் அடர்த்தி அதிகம், வேறு பாருங்கள். உங்கள் நோட்டீஸ் பாதிக்கு மேல் எப்படியும் ஜெராக்ஸாகத்தான் பரவும்.

விழாப் பெயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் எழுத்தில்தான் பெரும்பாலான விழாக்கள் சறுக்குகின்றன. பெயரை ஒருமுறை, ஒருவர், ஒரே வடிவில் செய்ய வேண்டும். ஊரில் பழைய சுவர் விளம்பர ஓவியர் இருந்தால் அவரை எழுதச் சொல்லி ஸ்கேன் செய்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவாக்கலாம்; நாட்டுப்புறக் கலைவிழாவுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஆள் இல்லையென்றால் எழுத்துருவிலேயே அமைக்கலாம். எந்த வழியானாலும் எழுத்தின் உள்வெளிகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஞ’, ‘ற’, ‘ணு’, ‘கூ’ போன்றவற்றில் சுழிக்குள் இருக்கும் சிறிய இடம் முதலில் அடைபடும். பிளக்ஸில் மை பரவுவதால் அடைபடும், அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்தால் இன்னும் சீக்கிரம் அடைபடும். பெயரை 40 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கி அச்சடித்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். அதற்குப் பிறகும் படிக்க முடிந்தால்தான் பெயர் டிக்கெட்டுக்கு ஆகும்.

பெயருக்குள் வருடத்தைச் சேர்த்து எழுதாதீர்கள். சேர்த்தால் வருடாவருடம் யாராவது பெயரைத் திறந்து மாற்றுவார்கள், மாற்றும்போது எழுத்து மாறும், இரண்டு வருடத்தில் பெயரே வேறாகிவிடும். ‘6ஆம் ஆண்டு’ என்று தனி வரியாகக் கீழே வைத்தால் போதும்.

மற்ற எல்லாச் சொற்களுக்கும் ஒரே எழுத்துருக் குடும்பம். இலவசமாகக் கிடைப்பவற்றில் இந்த வேலைக்கு நான் முதலில் எடுப்பது Anek Tamil. அதில் தடிமனையும் அகலத்தையும் இரண்டையும் மாற்றலாம். தமிழில் இது பெரிய உதவி. ‘தோற்பாவைக்கூத்து’ என்ற சொல்லும் ‘பறை’ என்ற சொல்லும் ஒரே நிரலில் வரும்போது நீளமானதைக் கணினியில் பிடித்து நசுக்காமல், குறுகிய அகலத்து எழுத்தையே பயன்படுத்தலாம். நசுக்கிய எழுத்தில் நிமிர்ந்த கோடு மட்டும் மெலிந்து படுக்கைக் கோடு தடித்து நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். வரிகளுக்கு நடுவே இடமும் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். மேலே ‘கி’, ‘தீ’ கொம்பு, கீழே ‘கு’, ‘மூ’ வால். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு வரியிடைவெளி வைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொம்பும் முட்டாது.

இப்போது எல்லோரையும் அழவைக்கும் விஷயம்: உங்கள் கணினியில் சரியாக இருந்த தமிழ் அச்சகத்தில் உடைவது. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள், அங்கே பழைய மென்பொருளோ, பாமினி போன்ற பழைய எழுத்துருவோ இருக்கும். ‘கொ’ என்பது ‘க’ தனி, கொம்பு தனி, கால் தனியாகப் பிரியும். சில சமயம் நடுவில் புள்ளி வட்டம் தோன்றும். அதனால் கோப்பை அனுப்பும்முன் எழுத்துகளை எல்லாம் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். Illustrator என்றால் Create Outlines, CorelDRAW என்றால் Convert to Curves, Inkscape என்றால் Object to Path. மாற்றிய பிறகு ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள், ஏனென்றால் சில மென்பொருள்களில் மாற்றத்துக்கு முன்பே எழுத்துச் சேர்க்கை தவறியிருக்கும். Photoshop பயன்படுத்துபவர்கள் எழுத்து அமைப்பில் World-Ready Layout தேர்வாகியிருக்கிறதா என்றும், InDesign பயன்படுத்துபவர்கள் World-Ready Paragraph Composer இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுவதற்கு முந்தைய, திருத்தக்கூடிய கோப்பைத் தனியாக வைத்திருங்கள். அது போனால் அடுத்த வருடம் தேதியை மாற்றக்கூட முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

எழுத்தின் அளவை ரசனையால் முடிவு செய்யாமல் தூரத்தால் முடிவு செய்யுங்கள். வசதியாகப் படிக்கப் பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பொதுவான கணக்கு. சுழி நிறைந்த தமிழ் எழுத்துக்கு இதைக் குறைக்காமல் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. உயரம் என்று நான் சொல்வது ‘ப’ எழுத்தின் உயரம், கொம்பும் வாலும் சேராமல். சாலையின் மறுபக்கத்துப் பேருந்து நிறுத்தத்திலிருந்து முப்பதடி என்றால் போஸ்டரில் விழாப் பெயர் 3 அங்குலம். அருகில் வந்தவர் படிக்கும் தேதியும் இடமும் ஒன்றரை அங்குலம், இது பதினைந்தடிக்கு வரும். நிகழ்ச்சி நிரல் அரை அங்குலம். அதை நின்று படிப்பவர் ஐந்தடிக்குள்தான் இருப்பார். இந்த மூன்று அளவுக்கு மேல் நான்காவது அளவு போஸ்டரில் வேண்டாம்.

இந்த அளவுகளை வைத்துப் போஸ்டரை அடுக்கிப் பார்ப்போம். உயரம் 30 அங்குலம். மேலே பல்வரிசைக்கும் அதற்கு மேலான பட்டைக்கும் சேர்த்து 3 அங்குலம். பெயர் ஒரு வரி என்றால் கொம்பு, வால், இடைவெளி சேர்த்து 5. படத்துக்கு 11. தேதி, இடம் இரண்டு வரி 5. கடைசி 6 அங்குலத்தை இரண்டாகப் பிரித்து, நிரலுக்கு மூன்றரை, ஆதரவாளர்களுக்கு இரண்டரை. படம் ஒன்றே ஒன்று. இந்த வருடம் பறை என்றால் பறையும் அதை அடிக்கும் கைகளும். அடுத்த வருடம் கூத்துக் கிரீடம். நான்கு கலைக்கு நான்கு படம் என்று வைத்தால் ஒவ்வொன்றும் சிறியதாகச் சுருங்கி, எதுவும் தூரத்துக்குத் தெரியாது. எந்தக் கலையை விட்டோம் என்ற மனக்குறை வராமல் இருக்க, வருடத்துக்கு ஒரு கலை என்று முறைவைத்து அடுத்த நான்கு வருடத்துக்கும் இப்போதே எழுதி அறிவித்துவிடுங்கள்.

ஆதரவாளர் இடம்தான் போஸ்டர் உண்மையில் கெடும் இடம். முதலில் இரண்டு சின்னம், பணம் குறைந்ததும் பத்து, கடைசி நாளில் சிறப்பு விருந்தினர்களின் படங்கள். விழாப் பெயர் சுருங்கி நடுவில் எங்கோ நிற்கும். இதைப் போஸ்டர் செய்கிறவரால் தடுக்க முடியாது, குழுதான் தடுக்க வேண்டும், அதுவும் பணம் வாங்குவதற்கு முன்பு. ஆதரவாளரிடம் கொடுக்கும் கடிதத்திலேயே ‘சின்னம் போஸ்டரின் அடிப்பட்டையில், ஒரே நிறத்தில், அனைவருக்கும் ஒரே உயரத்தில் இடம்பெறும்’ என்று எழுதிவிடுங்கள். அதிகம் கொடுத்தவருக்கு அதிக இடம் வேண்டுமென்றால் மைதானத்தில் தனி அரங்கோ அறிவிப்போ கொடுக்கலாம். விருந்தினர் பெயர்களுக்கு அழைப்பிதழ் இருக்கிறது. போஸ்டருக்கு அவர்கள் வர வேண்டியதில்லை. பொது இடத்தில் பேனர் வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டும் என்பதால், அனுமதி எண்ணுக்கும் அச்சகத்தின் பெயருக்கும் அடிப்பட்டையில் இடம் விட்டு வையுங்கள்.

டிக்கெட்டுக்கு வருவோம். அதை ரசிக்கப் போகிறவர் யாருமில்லை. வாசலில் மங்கலான விளக்கில், பின்னால் வரிசை நெருக்க, ஒரு கல்லூரி மாணவர் வாங்கிப் பார்த்துக் கிழிக்கப் போகிறார். அவருக்குத் தெரிய வேண்டியது எந்த நாள், எந்தப் பகுதி என்ற இரண்டுதான். அதனால் 6க்கு 2½ அங்குல டிக்கெட்டில் நாள் எண்ணை 1, 2, 3 என்று 25 மி.மீ. உயரத்தில் வையுங்கள். மூன்று நாளுக்கும் மூன்று நிறத் தாள். அடிப்பது கத்தரிப்பூ நிற மை ஒன்று மட்டும். அச்சகத்தில் அந்த மையைத் தனியாகக் கலந்து தருவார்கள், நான்கு நிற அச்சைவிடச் செலவு குறையும். தாள் நிறம் மிகவும் வெளிறியதாக இருக்க வேண்டும். அடர்மஞ்சள் தாளில் இந்த மை பழுப்பாக மாறும், அடர்பச்சையில் கறுப்பாகவே தெரியும்.

தாளுக்கு மேப்லித்தோ 100 முதல் 120 ஜிஎஸ்எம் கேளுங்கள். வழவழப்பான ஆர்ட் தாளில் பேனா எழுதாது, வாசலில் வைக்கும் முத்திரையும் இழுகும். 250 ஜிஎஸ்எம் அட்டை கையில் நன்றாக இருக்கும், ஆனால் துளைக்கோட்டில் கிழிக்கும்போது கோட்டை விட்டு விலகிக் கிழியும், கூட்டம் தேங்கும்.

இருபது பல் விதி இங்கே அழகாக உதவும். டிக்கெட்டின் மேல்விளிம்பில் பல்வரிசை ஓடட்டும். ஐந்தாவது பல்லுக்கும் ஆறாவது பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் துளைக்கோடு வரட்டும். அடிக்கட்டை ஒன்றரை அங்குலம், பார்வையாளர் கையில் போவது நாலரை அங்குலம். கிழிக்கிறவருக்கு எங்கே மடிக்க வேண்டும் என்பது பல்லைப் பார்த்தாலே தெரியும். துளைக்கோட்டுக்கு இருபுறமும் 6 மி.மீ.க்குள் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் துளையிடும்போது தாள் நகரும். வரிசை எண் அடிக்கட்டையிலும் டிக்கெட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐம்பது டிக்கெட் ஒரு புத்தகம் என்று தைக்கச் சொன்னால், விற்கும் தன்னார்வலரிடம் கணக்குக் கேட்க முதல் எண்ணும் கடைசி எண்ணும் போதும். அச்சகத்தில் மிஞ்சிய எண்ணிடாத தாள்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; போலி டிக்கெட் அங்கிருந்து கிளம்பாமல் இருக்க இது எளிய வழி.

கியூஆர் குறி வைப்பதானால் 20 மி.மீ.க்குக் குறையாமல், சுற்றிலும் குறியின் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட்டு, துளைக்கோட்டிலிருந்து விலக்கி வையுங்கள். பல்வரிசை அதன்மேல் முட்டினால் கைபேசி படிக்காது. கைபேசி இணைப்பு கூட்டத்தில் திணறும் என்பதால் பெரிய நாள் எண்ணை நீக்கிவிடாதீர்கள்.

மேடையில் மூன்று நாளும் கேமராக்கள் இருக்கும். அடுத்த வருடம் உங்கள் விழா எப்படி நினைவுகூரப்படும் என்பதை அந்தப் படங்கள்தான் தீர்மானிக்கும். வழக்கமாகச் செய்வது 30க்கு 16 அடியில் ஒரு பிளக்ஸ், நடுவில் விழாப் பெயர், சுற்றிலும் முகங்கள். இதில் மூன்று கேடு. பிளக்ஸ் பளபளப்பதால் முன்விளக்கு பட்டு வெள்ளைத் திட்டாக மின்னும். ஆடுகிறவரின் தலைக்குப் பின்னால் எழுத்தும் முகங்களும் நெளியும்; கிரீடமும் புஜக்கட்டையும் கண்ணாடிச் சில்லும் அணிந்த கூத்துக்காரரின் வேடம் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும். மூன்றாவது, 480 சதுர அடி பிளக்ஸ் திறந்த மைதானத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு சவுக்குக் கம்பத்தை இழுக்கும்.

மாற்றாக, பின்திரை முழுவதும் வெறும் கத்தரிப்பூ நிறத் துணி. எழுத்து கிடையாது, படம் கிடையாது. சிவப்பும் பொன்னும் வெள்ளையுமான வேடம் அதன் முன்னால் துல்லியமாக எழும்பி நிற்கும். துணியை வாங்கும்முன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். தை மாதப் பனியில் விடியவிடியக் கூத்து நடந்தால் துணி ஈரமாகும்; சாயம் இறங்கினால் சாய்ந்தவரின் வேடம் பாழ். ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு வீதம் மேலும் பக்கமும் கட்டச் சொல்லுங்கள்.

விழாப் பெயருக்கு மேடையில் மூன்று இடம். ஒன்று மேல் முகப்பு: கடைசி வரிசை 150 அடியில் இருந்தால் எழுத்து 15 அங்குல உயரம். பத்து எழுத்துப் பெயரானால் ஏறத்தாழ பதினாறு, பதினேழு அடி நீளம் வரும், 30 அடி முகப்பில் தாராளமாக அடங்கும். இரண்டாவது, இரு பக்கத் திரைகளில் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் சிறியதாக. ஆட்டத்தை அகலமாக எடுக்கும் படங்களில் இது ஓரத்தில் விழும், ஆடுகிறவரை மறைக்காது. மூன்றாவது, பேச்சாளர் நிற்கும் மேசையின் முன்பலகை. செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் இந்த நெருங்கிய படம்தான், அதில் முகப்பு தெரியாது.

பல்வரிசை மேடையின் முன்விளிம்பில் தொங்கும். இருபது பல், ஒவ்வொன்றும் ஒன்றரைக்கு இரண்டடி, வருட நிறத் துணியில். மேடை நான்கடி உயரமென்றால் பாதி உயரம் வரை இறங்கும். துணியை ஒரு பல் நேராக, ஒரு பல் தலைகீழாக வெட்டினால் வீணாகாது. 36 அங்குல அகலத் துணி, தையல் மடிப்பு சேர்த்து ஆறு மீட்டர் போதும். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு சிறு மரக்கட்டையைத் தைத்து வைத்தால் காற்றில் புரளாது. ஒலிபெருக்கியை மேடைக்கு முன்னால் வைத்துப் பல்வரிசையை மறைத்துவிடாமல், இரு ஓரங்களில் வைக்க ஒலி அமைப்பாளரிடம் முந்தைய நாளே பேசிவிடுங்கள். அவர் கம்பி இழுத்த பிறகு நகர்த்த மாட்டார்.

விளக்கைப் பற்றி ஒரே விஷயம். பின்திரைமேல் நீல விளக்கை வீசினால் நிறம் அழுக்கு நீலமாகும், பச்சை வீசினால் கறுத்துப்போகும். நிற விளக்குகள் ஆட்டக்காரர்மேல் போகட்டும், திரைக்கும் பல்வரிசைக்கும் சற்று மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கு இரண்டு தனியாக இருக்கட்டும். தோற்பாவை நிகழ்ச்சிக்கு மட்டும் இவற்றையும் அணைக்க வேண்டும். அவர்களுக்கு வெள்ளைத் திரையும் அதன் பின்னால் ஒற்றை விளக்கும் தவிர வேறு வெளிச்சம் ஆகாது. எல்இடி திரை வாடகைக்கு எடுத்தே தீர வேண்டுமென்றால் பின்னால் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். பின்னால் வைத்தால் அதன் ஒளியில் ஆடுகிறவர் நிழலுருவாகிவிடுவார்.

கடைசியாக, கைமாற்றம். ஒரு கோப்புறையில் இவை இருக்க வேண்டும்: பெயரின் கோட்டு வடிவம், திருத்தக்கூடிய மூலக் கோப்புகள், எழுத்துரு, நிற அளவுகள், இருபது பல் விதி எழுதிய ஒரு பக்கம், ஒலி அமைப்பாளருக்கும் பந்தல்காரருக்குமான மேடை வரைபடம். ஒரே ஆளிடம் இருந்தால் அவர் வேலை மாற்றிப் போகும்போது அதுவும் போய்விடும், எனவே இரண்டு பேரிடம் வையுங்கள். இதோடு ஒரு பெரிய உறையில் அச்சான போஸ்டர் ஒன்று, மூன்று நாள் டிக்கெட் ஒவ்வொன்று, பின்திரைத் துணியில் கையகலத் துண்டு. அடுத்த வருடம் வேறு அச்சகம் என்றால் எண்களைச் சொல்வதைவிட இந்தப் போஸ்டரை நீட்டி ‘இந்த நிறம் வர வேண்டும்’ என்பதே வேலைக்காகும். வெயில் படாத இடத்தில் வையுங்கள், மெஜந்தா வெளுத்தால் மாதிரியே தப்பாகிவிடும்.

இந்த வருடம் பணம் இறுக்கமாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். பெயரை எழுதி முடியுங்கள், ஒரு மையில் டிக்கெட் அடியுங்கள், பின்திரைத் துணியை வாடகைக்கு எடுக்காமல் விலைக்கு வாங்கி மடித்து வையுங்கள். நான்கு நிறப் போஸ்டரை அடுத்த வருடத்துக்குத் தள்ளி, இந்த முறை கோரா நிறத் தாளில் கத்தரிப்பூ மையால் மட்டும் அடிக்கலாம். பல்வரிசையும் பெயரும் இருந்தால் அதுவும் அந்த விழாவின் போஸ்டர்தான் என்று யாருக்கும் தெரியும்.